வாரம் ஒரு பை ரத்தம் எதற்கு?

கேள்வி: என் கணவர் அயர்லாந்துக்காரர், வயது 49. ஃபெரிட்டின் 1,420 என்று வந்து, ஹீமோகுரோமட்டோசிஸ் என்று சொல்லிவிட்டார்கள். வாரா வாரம் அரை லிட்டர் ரத்தம் எடுக்க வேண்டுமாம். இந்தக் காலத்தில் இதற்கு ஒரு மாத்திரை இல்லையா? இவ்வளவு ரத்தம் போனால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் வருமா? மதுரையில் என் தம்பிக்கும் செக்கப்பில் ஃபெரிட்டின் 480 வந்திருக்கிறது, அவனுக்கும் இதுதானா?

பதில்:

உடம்பில் உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். இரும்புக்கு மட்டும் அப்படி ஒரு வாசல் கிடையாது. தோலும் குடலின் உள்பூச்சும் உதிரும்போது அதோடு சேர்ந்து நாளைக்கு ஒன்று, ஒன்றரை மில்லிகிராம் போகும். அதைக் கூட்டவோ குறைக்கவோ உடம்பால் முடியாது. அதனால் எவ்வளவு இரும்பு உள்ளே வரலாம் என்பதைக் குடலின் வாசலிலேயே தீர்மானித்தாக வேண்டும். உங்கள் கணவருக்குக் கெட்டிருப்பது அந்த வாசல் காவல்தான்; அப்படி இரும்பு உடம்பில் குவிவதுதான் ஹீமோகுரோமட்டோசிஸ். ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேமித்துவைக்கும் புரதம், கிடங்கில் இரும்பு கூடக்கூட ரத்தத்தில் அதன் அளவும் ஏறும்.

நான் இங்கே அயர்லாந்தில் ஒரு மருத்துவமனையின் ரத்தம் எடுக்கும் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். என் நாற்காலியில் உட்காருகிறவர்களில் பெரும்பாலானோர் உங்கள் கணவரைப் போன்றவர்கள்தான். இந்த நாட்டில் சுமார் 83 பேரில் ஒருவருக்கு இந்த மரபணு மாற்றம் இரண்டு பிரதியாக இருக்கிறது. உலகத்திலேயே இதுதான் மிக அதிகம். அவருடைய ரிப்போர்ட்டில் அநேகமாக C282Y என்று அச்சிட்டு, பக்கத்தில் ஹோமோசைகஸ் என்று போட்டிருக்கும். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். இந்த மரபணுவை 1996-இல்தான் கண்டுபிடித்தார்கள். ரத்தம் எடுக்கும் சிகிச்சை அதற்குப் பல வருடங்கள் முன்பே வந்துவிட்டது.

காவல் எப்படிக் கெடுகிறது என்று சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே புரியும். கல்லீரல் ஹெப்சிடின் என்று ஒரு சின்ன ஹார்மோனைச் சுரக்கிறது. உடம்பில் இரும்பு போதுமான அளவு இருந்தால் ஹெப்சிடின் ஏறும். அது குடல் செல்லின் பின்பக்கக் கதவை, அதாவது இரும்பு ரத்தத்துக்குள் இறங்குகிற கதவை, அடைத்துவிடும். சாப்பாட்டிலிருந்து குடல் செல்லுக்குள் வந்த இரும்பு அங்கேயே நின்று, இரண்டு மூன்று நாளில் அந்தச் செல் உதிரும்போது மலத்தோடு போய்விடும். ரத்தத்தில் எவ்வளவு இரும்பு ஓடுகிறது என்று கல்லீரலுக்குச் சொல்லுகிற உணர்கருவியில் ஒரு பாகம்தான் HFE என்ற புரதம். C282Y மாற்றம் இருந்தால் அந்தப் புரதம் சரியாக மடியாது, செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேராது. கல்லீரலுக்குச் சேதி போகாததால் ஹெப்சிடின் ஏறுவதில்லை. உள்ளே இரும்பு மலை போலக் குவிந்திருந்தாலும், ரத்தசோகைக்காரரின் குடல் மாதிரி இவருடைய குடல் இரும்பை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இழுப்பது எவ்வளவு என்று பார்த்தால் ஒரு நாள் கணக்கு அற்பமாகத்தான் தெரியும். சாதாரண ஆணின் குடல் நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு மில்லிகிராம் எடுக்கும். இவர்களுடையது அதைவிட இரண்டு மில்லிகிராம் கூட எடுக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு முக்கால் கிராம் ஆகிறது. இருபது வருடத்தில் பதினான்கு, பதினைந்து கிராம். ஒரு ஆணின் உடம்பில் மொத்தமாக இருக்க வேண்டிய இரும்பே சுமார் நான்கு கிராம்தான். அதனால்தான் இந்த நோய் இருபது வயதில் தெரியாமல் நாற்பது, ஐம்பதில் வெளியே வருகிறது. மாதவிடாயிலும் பிரசவத்திலும் இரும்பு வெளியே போவதால் பெண்களுக்கு இன்னும் தாமதமாகத் தெரியும், பலருக்குத் தெரியாமலே போய்விடும்.

கூடிப்போன இரும்பு முதலில் கல்லீரலில் இறங்குகிறது, அப்புறம் கணையம், இதயம், மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, மூட்டுகள். இறங்கின இடத்தில் அது சும்மா இருப்பதில்லை. ஆக்சிஜனோடு வினைபுரிந்து செல்லின் சவ்வையும் டிஎன்ஏவையும் அரிக்கும். கல்லீரலில் தழும்பு, கணையத்தில் சர்க்கரை நோய், இதயத் துடிப்பில் கோளாறு, ஆண்மைக் குறைவு எல்லாம் இந்த ஒரே காரணத்தால் வருபவை. தோல் வெண்கல நிறமாகக் கறுப்பதும் உண்டு. ஆனால் வெகு முன்னதாகவே வருவது சோர்வும், கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உள்ளங்கையோடு சேரும் முட்டிகளில் வலியும். என் கிளினிக்குக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் கைகுலுக்கும்போது சிலர் அந்த இடத்தில் முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சரி, இந்த இரும்பை எப்படி வெளியே கொண்டுவருவது? கல்லீரலிலிருந்து நேராகச் சுரண்டி எடுக்க முடியாது. ஆனால் உடம்பில் இரும்பை மூட்டை மூட்டையாக வாங்கிக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது: எலும்பு மஜ்ஜை. சிவப்பணு செய்ய அதற்கு இரும்பு வேண்டும். ஒவ்வொரு கிராம் ஹீமோகுளோபினிலும் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஹீமோகுளோபின் 15 இருக்கிறவரிடம் அரை லிட்டர் ரத்தம் எடுத்தால் 75 கிராம் ஹீமோகுளோபின் வெளியே போகிறது, அதோடு ஏறக்குறைய 250 மில்லிகிராம் இரும்பும். ஒரே பையில், குடல் நான்கு மாதத்தில் கள்ளத்தனமாகச் சேர்த்ததற்கும் மேல் போய்விடுகிறது.

பை போனதும் மஜ்ஜை இழந்த அணுக்களைத் திரும்பச் செய்யத் தொடங்கும். அதற்கு ஒரு வாரத்தில் அந்த 250 மில்லிகிராம் வேண்டும், அதாவது வழக்கமான தேவைக்கு மேல் நாளைக்கு 35 மில்லிகிராம் போல. குடல் எவ்வளவு இழுத்தாலும் அவ்வளவு தர முடியாது. மீதியைக் கல்லீரல் கிடங்கிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். அடுத்த வாரம் நாங்கள் எடுக்கும் பையில் இருக்கும் இரும்பில் ஒரு பெரிய பங்கு, போன வாரம் வரை அவருடைய கல்லீரலில் கிடந்தது. ரத்தம் இங்கே வெறும் வண்டி. சரக்கு ஏற்றி அனுப்புவது மஜ்ஜை.

உடம்பு பலவீனமாகிவிடுமே என்ற உங்கள் பயத்துக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. சாதாரண மனிதருக்கு வாரம் ஒரு பை எடுத்தால் நான்கைந்து வாரத்தில் ரத்தசோகை வந்துவிடும், ஏனென்றால் அவருடைய கிடங்கில் இருப்பதே ஒரு கிராம் போலத்தான். நம் ஊரில் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் ரத்ததானம் செய்யலாம் என்று வைத்திருப்பதும் இதனால்தான். உங்கள் கணவரின் கிடங்கில் பல கிராம் இருக்கிறது. அது இருக்கும்வரை அவருடைய மஜ்ஜை ஈடுகொடுக்கும்.

மாத்திரை இல்லையா என்றால், இருக்கிறது. ரத்தம் சரியாக உருவாகாத தலசீமியா நோய் உள்ள குழந்தைகளுக்குக் கொடுக்கும் இரும்பு நீக்கி மருந்துகள்தான் அவை. அந்தக் குழந்தைகளுக்கு ஏற்றுகிற ரத்தத்தாலேயே இரும்பு சேர்கிறது, அவர்களிடமிருந்து ரத்தத்தை எடுக்க முடியாது. அதனால் இரவெல்லாம் தோலுக்கடியில் பம்ப் வைத்து டெஸ்ஃபெரியாக்ஸமின் ஏற்றுவார்கள், அல்லது தினமும் டெஃபராசிராக்ஸ் மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரை சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பாதிக்கக்கூடும், தொடர்ந்து ரத்தப் பரிசோதனை வேண்டும், விலையும் அதிகம். ரத்தம் செய்யும் திறன் நன்றாக இருக்கிற ஒருவருக்கு அதைக் கொடுக்கக் காரணமே இல்லை. கடுமையான ரத்தசோகையோ இதயக் கோளாறோ இருந்து ரத்தம் எடுக்க முடியாமல் போனால்தான் அந்தப் பக்கம் போவோம்.

எங்களிடம் வந்த ஒருவரின் கணக்கைச் சொல்கிறேன், அவர் அடையாளம் தெரியாதபடி. ஐம்பதைத் தாண்டிய மனிதர், வெளிவேலை செய்கிறவர். ஃபெரிட்டின் 1,840. ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பார்கள். 45-ஐத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும், அவருக்கு 88. ஹீமோகுளோபின் 15.4. ஃபெரிட்டின் 1,000-க்கு மேல் இருந்தால் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் முதலில் கல்லீரல் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் செய்தார்கள். தழும்பு தொடங்கியிருந்தது, ஆனால் கல்லீரல் முழுக்கத் தழும்பாகிவிடும் சிர்ரோசிஸ் ஆகவில்லை.

முதல் நாள் ஊசியைப் பார்த்ததும் தலையைத் திருப்பிக்கொண்டார். ரத்ததானத்துக்குப் போடும் அதே தடித்த ஊசிதான். பை தாழ்வாக, மெல்ல ஆடும் ஒரு தராசின் மேல் கிடக்கும். கையில் ஒரு மென்பந்தை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்வோம். பத்து, பதினைந்து நிமிடத்தில் பை நிரம்பிவிடும். வெறும் வயிற்றோடு வரக்கூடாது. முன்னாலேயே இரண்டு பெரிய தம்ளர் தண்ணீர் குடித்துவிட வேண்டும், எடுத்து முடித்ததும் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இதைச் செய்யாதவர்கள்தான் எழுந்தவுடன் மயங்கி விழுகிறார்கள். அன்றைக்குப் பளு தூக்குவதும் ஏணியில் ஏறுவதும் வேண்டாம்.

நான்கு பை எடுத்த பிறகு ஃபெரிட்டின் பார்த்தால் 1,790. அவருக்கு மனசே விட்டுப்போயிற்று. இது நடக்கும், நீங்களும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். ஃபெரிட்டின் கிடங்கின் அளவை நேராகக் காட்டுவதில்லை. கல்லீரல் அழற்சியாலும் அது ஏறும், வாரத்துக்கு வாரம் ஆடும், சில சமயம் கூடக்கூடச் செய்யும். எடுத்த பைகளை எண்ணுவதுதான் நம்பகமான கணக்கு. பன்னிரண்டாவது பையில் 1,190, இருபதில் 610, இருபத்தேழில் 190. இதற்கிடையே ஹீமோகுளோபின் முதல் மூன்று வாரத்தில் 13.6-க்கு இறங்கி அங்கேயே நின்றது, மஜ்ஜை வேகம் பிடித்துவிட்டது. ஆனால் இருபத்தெட்டாவது பைக்கு வந்தபோது 11.7. அன்றைக்கு எடுக்காமல் அனுப்பிவிட்டோம். 12-க்குக் கீழே போனால் இடைவெளியைக் கூட்ட வேண்டும், 11-க்குக் கீழே நிறுத்தியே ஆக வேண்டும். இவ்வளவு நாள் தாக்குப்பிடித்த ஹீமோகுளோபின் திடீரென்று மீளாமல் போனால், கிடங்கு தீரப்போகிறது என்று அர்த்தம். பதினைந்து நாள் விட்டு எடுத்து, முப்பதாவது பையில் ஃபெரிட்டின் 48. அங்கே நிறுத்தினோம்.

பைக்கு 240 என்று வைத்தால் முப்பது பையில் ஏழு கிராமுக்குக் கொஞ்சம் மேல் இரும்பு. அந்த எட்டு மாதத்தில் குடல் உள்ளே விட்டதும் இதில் சேர்ந்திருக்கும். ரத்தம் எடுக்க எடுக்க, மஜ்ஜை வேகமாக வேலை செய்வதால், ஏற்கெனவே குறைவாக இருந்த ஹெப்சிடின் இன்னும் குறையும். குடல் இன்னும் அதிகமாக இழுக்கும். அதனால்தான் ஃபெரிட்டினைத் தேவைக்கு மேல் தரைமட்டத்துக்கு இறக்கிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சில நோயாளிகள் ‘இன்னும் இரண்டு பை எடுத்துவிடுங்கள், சுத்தமாகிவிடட்டும்’ என்பார்கள். அப்படிச் செய்தால் சோர்வும் ரத்தசோகையும்தான் மிச்சம். 50-ஐ ஒட்டி இறக்கிவிட்டு, பிறகு 100-ஐத் தாண்டாமல் வைத்திருப்பதே போதும்.

அதற்குப் பிறகும் வாசல் திறந்தேதான் இருக்கிறது, மரபணு மாறப்போவதில்லை. ஆகவே வருடத்தில் இரண்டிலிருந்து ஆறு முறை, ஆளுக்கு ஆள் வித்தியாசப்படும், ஆயுளுக்கும் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அதிகம் கவலைப்படுவது இந்தக் கட்டத்தைப் பற்றித்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று வராமல் விட்டுவிட்டு, ஐந்து வருடம் கழித்து மறுபடி ஃபெரிட்டின் ஏறிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டத்தில் எடுக்கிற ரத்தம் கெட்ட ரத்தமும் அல்ல. மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் அயர்லாந்தின் ரத்த சேவை அதைத் தானமாக ஏற்றுக்கொள்கிறது. உங்கள் கணவர் பராமரிப்புக் கட்டத்துக்கு வந்ததும் விசாரிக்கச் சொல்லுங்கள்.

எது சரியாகும், எது ஆகாது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். சோர்வு பெரும்பாலானோருக்குக் குறைகிறது. தோல் நிறம் திரும்பும். இதயத்தில் இறங்கின இரும்பு சீக்கிரம் கவனித்தால் வெளியேறி, இதயம் தேறும். கல்லீரலில் ஆரம்பத் தழும்பு பலருக்கு நன்றாகவே குறைகிறது. விரல் முட்டி வலி மட்டும் பெரும்பாலும் விடாது, சிலருக்கு இரும்பு இறங்கிய பிறகும் கூடுகிறது. வந்துவிட்ட சிர்ரோசிஸ் பெரும்பாலும் போவதில்லை. அது வந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் அபாயம் உண்டு என்பதால், ஃபெரிட்டின் 50 ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன் தொடர வேண்டும். அவருக்கு ஃபைப்ரோஸ்கேன் செய்தார்களா என்று கேளுங்கள். 1,420-க்கு அது அவசியம்.

அவருக்குச் சர்க்கரையும் இருந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் மூன்று மாதச் சராசரி என்று பார்க்கிற HbA1c பொய்யாகக் குறைவாகக் காட்டும். சிவப்பணுக்கள் எல்லாம் புதியவை, சர்க்கரை ஒட்டிக்கொள்ள அவற்றுக்கு நேரமே இருந்திருக்காது. சர்க்கரை நன்றாகக் குறைந்துவிட்டது என்று மாத்திரையைக் குறைத்த சம்பவம் எனக்குத் தெரியும். விரல் நுனியில் பார்க்கும் அளவையும் சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சமையலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் யோசித்திருப்பீர்கள். கீரையையும் பருப்பையும் நிறுத்த வேண்டாம். சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்து மிச்சப்படுத்துகிற இரும்பு, வாரா வாரம் பையில் போவதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். இரும்பு மாத்திரை, இரும்பு சேர்த்த டானிக், வைட்டமின் சி மாத்திரை வேண்டாம். மது, அதுவும் இப்போது, வேண்டவே வேண்டாம். இரும்பும் மதுவும் கல்லீரலை ஒன்று சேர்ந்து அரிக்கும். இங்கே பச்சையாகச் சாப்பிடும் சிப்பியையும் தவிர்க்கச் சொல்லுங்கள். விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற கடல்நீர் பாக்டீரியா இரும்பு நிறைந்த ரத்தத்தில் வெறித்தனமாகப் பெருகி உயிரையே எடுத்துவிடும்.

பிள்ளைகளுக்கு வருவோம். அப்பாவிடமிருந்து இருவருக்கும் நிச்சயம் ஒரு மாறிய பிரதி வந்திருக்கும். உங்களிடமிருந்து இரண்டாவது வர வேண்டுமானால் உங்களுக்கும் அது இருக்க வேண்டும். C282Y வடமேற்கு ஐரோப்பாவில் பரவியது, இந்தியர்களிடம் அநேகமாக இல்லவே இல்லை. ஆகவே உங்கள் பிள்ளைகள் இருவரும் அநேகமாக ஒரு பிரதியை மட்டும் சுமப்பவர்கள், இந்த நோய் அவர்களுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இங்கே ஐந்து பேரில் ஒருவர் சுமப்பவர். நாளைக்கு அவர்கள் ஐரிஷ்காரரைக் கட்டிக்கொண்டால் பேரக்குழந்தைகள் விஷயத்தில் இது தெரிந்திருக்க வேண்டும். அவசரமாகப் பரிசோதிக்க வேண்டியது பிள்ளைகளை அல்ல, உங்கள் கணவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளை. ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இரண்டு பிரதி இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. ஆஸ்திரேலியாவில் செய்த ஒரு பெரிய ஆய்வில், அப்படிப்பட்ட ஆண்களில் 28 சதவீதம் பேருக்குத்தான் இரும்பால் நோய் வந்திருந்தது, பெண்களில் ஒரு சதவீதத்தை ஒட்டி. ஆனால் அந்த 28 பேரில் தாம் ஒருவரா என்பது பார்த்தால்தான் தெரியும், அதுவும் கல்லீரல் கெடுவதற்கு முன்னால்.

உங்கள் தம்பிக்கு இது அநேகமாக இல்லை. நம் ஊரில் ஃபெரிட்டின் 400, 500 என்று வருவதற்கு முக்கியக் காரணம் கொழுப்புக் கல்லீரல், சர்க்கரை, மது, அல்லது சமீபத்தில் வந்துபோன காய்ச்சல். அவரிடம் காலையில் வெறும் வயிற்றில் டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன், அதாவது மேலே சொன்ன நிரம்பிய சதவீதம், பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சல் ஏதாவது வந்திருந்தால் ஒரு மாதம் கழித்துப் பார்க்கட்டும். அது 45-க்குக் கீழே இருந்தால் குடல் காவல் கெட்டுப்போகவில்லை, அவர் கவனிக்க வேண்டியது வயிற்றுச் சுற்றளவையும் சர்க்கரையையும். இரண்டு முறை பார்த்தும் 45-க்கு மேலேயே இருந்தால், C282Y இல்லாமலும் இதே போல இரும்பு சேர்கிற வேறு அரிய மரபணுக் கோளாறுகள் உண்டு, அப்போது ரத்தநோய் மருத்துவரிடமோ கல்லீரல் மருத்துவரிடமோ போக வேண்டும். அதுவரை யார் சொன்னாலும் ரத்தம் எடுக்க உட்கார வேண்டாம். அவருடைய கிடங்கில் எடுப்பதற்கு அவ்வளவு இரும்பு இருக்காது.